மூணு நிமிஷம், ரெண்டு பை மிளகு: ஒரு டெமோ டே குறிப்பு

நாமக்கல் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நடந்த ஹேக்கத்தானுக்கு வழிகாட்டியாகப் போயிருந்தேன். 2017-ல் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் ஆரம்பித்ததிலிருந்து 36 மணி நேரம் என்பது இங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. இங்கேயும் அப்படித்தான். நவம்பரில் 36 மணி நேரம் உட்கார்ந்து கருவியைச் செய்தார்கள். தேர்வான அணிகளுக்கு மூன்று வாரம் கழித்து டெமோ டே. மேடையில் மூன்று நிமிடம் பேசலாம், அதன்பிறகு இரண்டு நிமிடம் நடுவர்கள் கேட்பார்கள். அவ்வளவுதான்.

நான் பார்த்துக்கொண்ட அணியில் நாலு பேர். அதில் ஒரு பெண் கொல்லிமலைக்காரி. அவளுடைய அத்தை செம்மேட்டுக்குப் பக்கத்து ஊரில் மிளகு வைத்திருக்கிறார். சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிட்ட கொடிகள், நடுவில் காபி, அங்கே பலரும் வைத்திருக்கும் தோட்டம்தான். மிளகை விற்கப் போகும்போது வியாபாரி கையை மூட்டைக்குள் விட்டு அள்ளிப் பார்ப்பார், ரெண்டு மணியைக் கடிப்பார், "ஈரம் இருக்குதுங்க, அஞ்சு கிலோ கழிவு" என்பார். அது நியாயமான கழிவா இல்லையா என்று அத்தைக்குத் தெரியாது. வியாபாரிக்கும் தெரியாது என்பதுதான் உண்மை. அவர் தனக்கு நஷ்டம் வராத பக்கமாக ஒரு எண் சொல்கிறார். இதற்குத்தான் பசங்க ஒரு ஈரப்பதமானி செய்தார்கள்.

கருவி சின்னதுதான். அரை லிட்டர் எவர்சில்வர் டம்ளர், நடுவில் ஒரு பித்தளைக் குச்சி, அடியில் ஒரு எடை உணரி. டம்ளருக்கும் குச்சிக்கும் நடுவில் மிளகைக் கொட்டினால் மொத்தமும் ஒரு மின்தேக்கி ஆகிவிடும். காய்ந்த தானியத்தின் மின்கடத்தாப் பொருள் மாறிலி ஒற்றை இலக்கத்தில் நிற்கும். தண்ணீருக்கோ சுமார் 80. அதனால் மிளகில் கொஞ்சம் ஈரம் கூடினாலும் மின்தேக்குத் திறன் நன்றாகவே ஏறும், அதை ஈரப்பதமாக மாற்றித் திரையில் காட்டலாம். எடை உணரி எதற்கென்றால், மிளகு வியாபாரத்தில் ஏற்கெனவே 'லிட்டர் வெயிட்' என்று ஒரு அளவு உண்டு. ஒரு லிட்டர் மிளகு எத்தனை கிராம் நிற்கிறது என்பது. மணி திரண்டிருக்கிறதா, சொத்தையா என்று அதில் தெரியும். ஒரே டம்ளரில் இரண்டும் கிடைக்கிறது.

இந்தக் கருவியை மூன்று நிமிடத்தில் எப்படிச் சொல்வது என்பதில்தான் சிக்கல் வந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில், யாருக்கு?

பசங்க முதலில் தயார் செய்த ஸ்லைடில் "பயனாளர்: கொல்லிமலையின் மிளகு விவசாயிகள்" என்று இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த டம்ளரை யார் கையில் எடுப்பார்கள் என்று கேட்டேன். பதில் வரவில்லை. சரி, போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காரவள்ளி வழியாக எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனோம்.

அத்தை கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது பாப்பா. ஆனா இத வாங்கி வெச்சு நான் என்ன பண்ண? வருஷத்துக்கு ரெண்டு மூட்டை விக்கிறேன்" என்றார். அப்புறம் அவரே சொன்னார்: "எங்க குழுவுல தராசு இருக்குதில்ல, அங்க வெச்சா எல்லாரும் பாத்துக்குவம்."

விஷயம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. மகளிர் குழு நாலைந்து ஊர் மிளகை ஒரு இடத்தில் சேர்த்து எடை போட்டு மொத்தமாகக் கொடுக்கிறது. தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதும் ஒரு அக்கா இருக்கிறார். கருவியைத் தொடப்போவது அவர்தான். அதனால் லாபம் அடையப்போவது அத்தை. அதன் எண்ணை ஒத்துக்கொள்ள வேண்டியது வியாபாரி. இந்த மூன்று பேரையும் 'விவசாயி' என்ற ஒரு சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டால், கருவி யார் கைக்கும் பொருந்தாது.

கொல்லிமலையில் இதற்கு ஒரு பழைய பாடமும் இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே பல வருஷமாகச் சிறுதானியங்களில் வேலை செய்கிறது. சாமை பயிரிடுவது குறைந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, அதை உரலில் குத்தி உமி நீக்குவது பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை என்பது. தீர்வாகச் சிறிய உமி நீக்கும் இயந்திரங்கள் வந்தபோது, அவை தனித்தனி வீட்டுக்குப் போகவில்லை. ஊரில் வைத்து சுய உதவிக் குழுக்கள் ஓட்டின. யார் குத்துகிறார், யார் இயந்திரத்தை இயக்குவார் என்று பிரித்துப் பார்த்ததால் வந்த முடிவு அது.

ஆகவே பிட்சின் முதல் வரி மாறியது. "கொல்லிமலையில் ஒரு மகளிர் குழுவில் தராசு பிடிக்கும் ஓர் அக்காவுக்காக இதைச் செய்தோம். அறுவடைக் காலத்தில் காலையில் அவர் முன்னால் வரிசையாக மூட்டை நிற்கும். ஒரு மூட்டைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் அவரிடம் நேரம் இல்லை." இதைக் கேட்ட பிறகு கருவியில் என்ன இருக்கக்கூடாது என்பதும் தானாகத் தெரிந்துவிட்டது. செயலி வேண்டாம், லாகின் வேண்டாம்.

மேடையில் ஒரே ஒரு நிகழ்வு

முதல் ஒத்திகையில் பசங்க ஏழு விஷயம் காட்டினார்கள். கைபேசியில் உள்நுழைவது, ப்ளூடூத், அளவை கிளவுடுக்கு அனுப்புவது, விலைப்பட்டியல், குறுஞ்செய்தி, வரைபடம், கடைசியில் ஈரப்பதம். ப்ளூடூத்திலேயே நின்றுபோனது. மூணு நிமிஷத்தில் ரெண்டு நிமிஷம் "சார், ஒரு செகண்ட்" என்பதிலேயே போச்சு.

இது அவர்களுக்கு மட்டும் நடப்பதல்ல. 2010 ஜூனில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோன் 4-ஐ மேடையில் காட்டும்போது இணையப் பக்கம் திறக்கவில்லை. அரங்கில் இருந்தவர்கள் 500-க்கும் மேற்பட்ட சின்னச் சின்ன வைஃபை நிலையங்களைத் தாங்களே இயக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் அணைத்துவிடுங்கள் என்று அவர் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அவ்வளவு ஒத்திகை பார்க்கிற ஆளுக்கே, தன் கையில் இல்லாத ஒன்றை நம்பியதால் அப்படி ஆனது. மலையில் சிக்னல் இல்லாத இடங்கள் ஏராளம். அங்கே வேலை செய்ய வேண்டிய கருவியை நெட்வொர்க்கை நம்பி மேடையில் காட்டுவதில் அர்த்தமும் இல்லை.

ஏழில் ஆறை வெட்டினோம். மிச்சம் இருந்தது இதுதான். மேசையில் இரண்டு பை மிளகு. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு நடுவரை வரச் சொல்லி, வியாபாரி செய்வதைப்போலவே கையை விட்டு, எது ஈரம் என்று கேட்பது. அவர் சொன்ன பிறகு இரண்டையும் டம்ளரில் கொட்டி எண்ணைக் காட்டுவது. நடுவர் சரியாகச் சொன்னாலும் பரவாயில்லை. "எவ்வளவு ஈரம்?" என்று அடுத்து கேட்டால் கையால் சொல்ல முடியாது. அவர் எப்படிச் சொன்னாலும் இந்த நிகழ்வு தோற்காது. நேரடி நிகழ்வைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சொல்வதற்கு எளிது, தயார் செய்வதுதான் வேலை. ஈர மிளகு எங்கிருந்து வரும்? டிசம்பரில் அறுவடை இல்லை, ஜனவரிக்கு மேல்தான். அதனால் காய்ந்த மிளகில் கணக்குப் பார்த்துத் தண்ணீர் சேர்க்க வேண்டும். 11% இருக்கிற 600 கிராமை 16% ஆக்க எவ்வளவு தண்ணீர்? 600-ஐ 5-ஆல் பெருக்கி 84-ஆல் வகுத்தால் சுமார் 36 கிராம். 84 எங்கிருந்து வந்தது என்றால், 16% ஈரம் போக மிச்சம் இருக்கிற உலர்பொருளின் பங்கு அது.

முதல் தடவை பசங்க முந்தின நாள் ராத்திரி தண்ணீர் தெளித்து, காலையில் அளந்தார்கள். ஒரே பையிலிருந்து மூன்று தடவை எடுத்தால் மூன்று எண் வந்தது, எல்லாமே எதிர்பார்த்ததை விட அதிகம். தண்ணீர் மணிக்குள் போகாமல் தோலிலேயே நின்றிருந்தது. மேற்பரப்பு ஈரத்தை இந்த வகைக் கருவி பெரிதாக்கிக் காட்டும். அடுத்த தடவை காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜில் வைத்து, அவ்வப்போது குலுக்கி, மூன்று நாள் விட்டார்கள். எண்கள் ஒன்றுக்கொன்று ஒட்டி வந்தன. அளப்பதற்கு முன் டப்பாவைத் திறக்காமலே அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். குளிர்ந்த மிளகுக்கு அளவு தள்ளிப்போகும். திறந்து வைத்தால் ஏசி அரங்கில் தோல் காய்ந்துவிடும்.

கொட்டுவதிலும் ஒரு ஒழுங்கு வேண்டியிருந்தது. டம்ளரைத் தட்டித் தட்டி நிரப்பினால் மிளகு நெருங்கி உட்கார்ந்து அளவு கூடும். அதனால் ஒரு புனல், எப்போதும் ஒரே உயரம், மேலே ஸ்கேலால் ஒரே வழிப்பு. தராசு பிடிக்கிற அக்காவுக்கு இது புதுசு இல்லை. படியால் அளக்கும்போது தலை வழிப்பது தெரிந்த வேலைதான்.

அடுப்பிலிருந்து வந்த மணம்

டெமோவுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் பெரிய பிழை தெரிந்தது. திரையில் 16% என்று வருகிறதே, அது உண்மையில் 16%-தானா என்று எதை வைத்துச் சொல்கிறோம்? பசங்க வழக்கமான முறையில்தான் அளவீட்டைப் பொருத்தியிருந்தார்கள். மிளகை எடை போட்டு, லேப் அடுப்பில் 105 டிகிரியில் எடை குறையாமல் நிற்கும்வரை வைத்து, மறுபடி எடை போடுவது. குறைந்த எடை அத்தனையும் தண்ணீர் என்று கணக்கு.

அன்று நான் லேப் வராந்தாவில் நடந்தபோது மிளகு வாசம் மூக்கைத் துளைத்தது. "அடுப்புல என்ன வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "சாம்பிள்தான் சார், மூணு மணி நேரமா இருக்கு." அந்த மணம்தான் பதில். தண்ணீருக்கு மணம் கிடையாது. அடுப்பிலிருந்து போய்க்கொண்டிருந்தது மிளகின் எளிதில் ஆவியாகும் எண்ணெய். மிளகில் அது பொதுவாக 2 முதல் 4 சதவீதம் வரை உண்டு. அதில் ஒரு பங்கு போனாலும் அது ஈரக் கணக்கில் ஏறிவிடும். நெல்லுக்கும் சோளத்துக்கும் சரியாக வருகிற அடுப்பு முறை மிளகில் ஏமாற்றுவது இதனால்தான்.

மசாலாப் பொருட்களுக்கு அதனால் வேறு முறை வைத்திருக்கிறார்கள். மிளகை டோலுயீனில் போட்டுக் கொதிக்க வைப்பது. டோலுயீன் ஆவி தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு மேலே போய், குளிர்ந்து, அளவுக் கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குழாயில் விழும். தண்ணீர் கீழே தனியாக நிற்கும். எண்ணெய் டோலுயீனிலேயே கரைந்து மேலே இருக்கும். தண்ணீரை மில்லிலிட்டரில் நேராகப் படித்துவிடலாம். டோலுயீன் தீப்பிடிக்கும், ஆவி உடம்புக்கு ஆகாது. ஆகவே புகை வாங்கி உள்ள சரியான வேதியியல் லேபில்தான் செய்ய முடியும். ஹாஸ்டல் அறையில் விளையாடுகிற வேலை இல்லை.

பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். அடுப்பு, ஈரத்தைக் கூட்டிச் சொல்கிறது. அதை நம்பிப் பொருத்திய கருவியும் கூட்டித்தான் சொல்லும். கழிவு அதிகமாகும். அத்தைக்காகச் செய்த கருவி வியாபாரி பக்கம் பேசும், அதுவும் எண்ணோடு.

கேட்பது என்ன?

பழைய கடைசி ஸ்லைடில் "5 லட்சம் நிதி, வழிகாட்டுதல், அரசின் ஒத்துழைப்பு" என்று இருந்தது. இப்படிக் கேட்டால் நடுவர்கள் தலையாட்டுவார்கள், யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். கேட்பவரில் எவர் 'நான் தருகிறேன்' என்று கை தூக்க முடியும் என்பதே அதில் இல்லை. பணம் வந்தால் அடுத்த நாள் காலையில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். யோசித்துவிட்டு ஒரு பையன், "முதல்ல டோலுயீன் டெஸ்ட் பண்ணணும் சார்" என்றான். அப்படியானால் அதைத்தான் கேட்க வேண்டும்.

எத்தனை மாதிரி என்று உட்கார்ந்து எண்ணினோம். ஐந்து ஈர அளவுகள். ஒவ்வொன்றிலும் லிட்டர் வெயிட் குறைந்தது, நடுத்தரம், கனமானது என்று மூன்று வகை. ஒவ்வொன்றும் இரண்டு தடவை. மொத்தம் 30. ஒரு நாளைக்கு நாலு செய்தால் எட்டு வேலை நாள். ஜனவரி 15-க்குள் முடிந்தால் இந்த அறுவடைக்கே கருவி குழுவுக்குப் போகும். தவறினால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

இப்படி முடிந்தது கேள்வி: "30 மாதிரிகளுக்கு டோலுயீன் முறையில் ஈரப்பதம் பார்க்க எட்டு நாள் லேப் வேண்டும். ஜனவரி 15-க்குள். மாதிரியும் டோலுயீன் செலவும் எங்களுடையது. இங்கே யாராவது தர முடியுமா?"

அந்த மூன்று நிமிடம்

அரை நிமிடம் தராசு அக்கா. ஒரு நிமிடம் இரண்டு பை. நடுவர் கைவிட்டுப் பார்த்து தவறான பையைக் காட்டினார், அரங்கில் சிரிப்பு. திரையில் `11.2 %`, அடுத்து `15.9 %`. பிறகு கொல்லிமலைப் பெண் கணக்கைச் சொன்னாள். 12% ஈரம்வரை கழிவு இல்லை என்று பேச்சு. 50 கிலோ மூட்டை, ஈரம் 16%. நியாயமான கழிவு இவ்வளவு:

```
கழிவு = 50 × (16 − 12) / (100 − 12) = 2.27 கிலோ
```

பிடித்ததோ 5 கிலோ. வித்தியாசம் 2.73 கிலோ. கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு மூட்டையில் சுமார் 1,640 ரூபாய்.

அதன்பிறகு அவள் சொன்னது எனக்குப் பிடித்தது. "எந்தப் பை அதிக ஈரம் என்பதை இந்தக் கருவி சரியாகச் சொல்லும். ஆனா 15.9 என்கிற எண்ணை நீங்க இன்னும் நம்பக்கூடாது. நாங்க அடுப்பை வெச்சுப் பொருத்தினோம், அது மிளகுக்குச் சரி வராது." அங்கிருந்து நேராக லேப் கேள்வி. நேரடி நிகழ்வு நிரூபித்தது எதுவரை, நிரூபிக்காதது எது என்று அவளே பிரித்துக் காட்டியதால் கேள்விக்கான காரணம் தனியாக விளக்கப்பட வேண்டியிருக்கவில்லை.

பரிசு வேறு அணிக்குப் போனது. நடுவர் வரிசையில் இல்லாத, பார்வையாளராக வந்திருந்த ஒரு வேதியியல் பேராசிரியர் கீழே இறங்கி வந்து, "திங்கக்கிழமை சாம்பிள் கொண்டாங்க" என்றார்.

முப்பதும் முடிந்தது. அடுப்புக் கணக்கு சராசரியாக ஒன்றரை சதவீதப் புள்ளி கூடுதலாகக் காட்டியிருந்தது. அதாவது திரையில் 16 என்று வந்த மிளகில் உண்மையான ஈரம் 14.5 தான். நியாயமான கழிவு 2.27 கிலோ இல்லை, 1.42 கிலோ. மூட்டைக்கு 850 கிராம் அத்தையிடமிருந்து நாங்களே எடுத்திருப்போம்.

மாற்றிப் பொருத்திய டம்ளர் ஜனவரி கடைசியில் மலை ஏறியது. தராசு அக்கா முதலில் கேட்டது: "தம்பி, இதுல பேட்டரி தீர்ந்தா எப்படித் தெரியும்?" அதை நாங்கள் யோசிக்கவே இல்லை. இப்போது பேட்டரி குறைந்தால் எண்ணுக்குப் பதில் ஒரு கோடு மட்டும் வரும்.